விற்பனை கூடியும் லாபம் குறைந்தால்: சிக்கல் மரம் போட்டுப் பார்க்கும் முறை

ஒரு பேக்கரியின் மாத லாபம் ஓராண்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலாளியிடம் கேட்டால் மைதா விலை ஏறிவிட்டது என்பார். மேலாளர், உணவு விநியோகச் செயலிகள் கமிஷனாகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கின்றன என்பார். கல்லாவில் இருப்பவர் கடைக்கு வரும் கூட்டம் குறைந்துவிட்டது என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் எது எத்தனை ரூபாய்க்குப் பொறுப்பு என்று மூவராலும் சொல்ல முடியாது. ஒருவர் சொன்னதின் ஒரு பகுதியே மற்றவர் சொன்னதிலும் வேறு பெயரில் ஒளிந்திருக்கலாம், மூவரும் சொல்லாத நான்காவது காரணமே பெரியதாகவும் இருக்கலாம்.

இந்த நிலையில் கைகொடுப்பது ‘இஷ்யூ ட்ரீ’ எனப்படும் சிக்கல் மரம். ‘லாபம் ஏன் குறைந்தது’ என்ற ஒரே கேள்வியை வேராக வைத்து, அதைச் சிறு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டே போவதுதான் முறை. பிரிக்கும்போது இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு கிளையில் எண்ணப்பட்ட ரூபாய் இன்னொரு கிளையில் மறுபடி எண்ணப்படக் கூடாது, எந்த ரூபாயும் எந்தக் கிளையிலும் சேராமல் விடுபடவும் கூடாது. இவ்விரு விதிகளையும் சேர்த்து நிர்வாக ஆலோசகர்களிடையே பரப்பியவர், 1963-இல் மெக்கின்சி நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மின்டோ. லாபத்தைக் கணக்குச் சமன்பாடாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அதற்கும் முந்தியது. டூபான்ட் நிறுவனத்தின் டொனால்ட்சன் பிரவுன் 1910-களிலேயே முதலீட்டின் மீதான ஆதாயத்தை அப்படிப் பிரித்துப் பார்த்தார்.

படித்தால் எளிதாகத் தோன்றும் இவ்விரு விதிகளும் உண்மையான கணக்குப் புத்தகத்தின் முன்னால் உட்காரும்போதுதான் தடுமாற வைக்கின்றன. ஆகவே ஒரே ஒரு பேக்கரியை வேரிலிருந்து நுனிவரை பிரித்துக் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நான் அமைத்த பேக்கரி இது, எண்களையும் கணக்கிட எளிதாக அமைத்திருக்கிறேன். ஆனால் இதில் வரும் குழப்பங்கள் எல்லாம் இந்தத் தொழிலில் அன்றாடம் வருபவை.

வேரை எண்ணாக எழுதுங்கள்

முதல் வேலை, ‘லாபம் குறைகிறது’ என்ற பேச்சை ஒரு எண்ணாக மாற்றுவது. அதற்கு மூன்றை முடிவு செய்ய வேண்டும்: எந்த லாபம், எந்தக் காலம், எதனோடு ஒப்பிட்டு.

நம் பேக்கரிக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களின் சராசரியை எடுத்து, சென்ற ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு ஒப்பிடுகிறோம். டிசம்பரோடு ஒப்பிட்டால் கிறிஸ்துமஸ் கேக் விற்பனை கணக்கைக் கெடுத்துவிடும், ஏப்ரல், மே மாதங்களோடு ஒப்பிட்டால் பள்ளி விடுமுறை கெடுத்துவிடும். ஒரே பருவத்தை எடுக்கும்போது ஆடி மாதமும் பள்ளித் திறப்பும் இரண்டு பக்கமும் இருப்பதால் பருவத்தின் தாக்கம் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

லாபம் என்பதைக் கடன் வட்டிக்கும் வருமான வரிக்கும் முந்திய லாபம் என்று வைத்துக்கொள்கிறோம். கடைக்காரர்கள் பலர் மாதக் கடைசியில் கையில் நிற்கும் பணத்தையே லாபம் என்கிறார்கள். புதிய அடுப்புக்கு வாங்கிய கடனின் தவணை, வீட்டுச் செலவுக்கு எடுத்த பணம், கடன் சொல்லிப் போன வாடிக்கையாளரின் பாக்கி ஆகியவை அந்தப் பணத்தைக் குறைத்திருக்கும். இவற்றில் எதுவும் வியாபாரத்தின் லாபத்தைக் குறைக்கவில்லை. இதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்காவிட்டால், கடையில் இல்லாத ஒரு நோய்க்கு மரம் போட்டுக்கொண்டிருப்போம்.

இந்த வரையறையின்படி சென்ற ஆண்டு மாத லாபம் 3,20,000 ரூபாய், இவ்வாண்டு 2,12,000 ரூபாய். குறைந்தது 1,08,000 ரூபாய். இதுதான் வேர். இனி வரும் ஒவ்வொரு கிளையும் இந்த 1,08,000-இல் தன் பங்கு எவ்வளவு என்பதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும்.

வரவு, செலவு: எந்த ரூபாய் எந்தப் பக்கம்

லாபம் என்பது வரவிலிருந்து செலவைக் கழித்தது என்பதால் முதல் இரண்டு கிளைகளைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. நம் பேக்கரியின் வரவு 13,60,000-இலிருந்து 16,05,000 ஆகியிருக்கிறது, அதாவது 2,45,000 கூடியிருக்கிறது. செலவு 10,40,000-இலிருந்து 13,93,000 ஆகி, 3,53,000 கூடியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1,08,000. வேரோடு பொருந்துகிறது.

இந்தப் பொருத்தம் தானாக வந்துவிடவில்லை. எந்தப் பதிவு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே எழுதி வைத்ததால் வந்தது. புதிதாகச் செய்பவர்கள் தவறும் இடங்கள் நான்கு.

செயலியின் கமிஷனை முதலில் சொல்கிறேன். வாடிக்கையாளர் 260 ரூபாய்க்கு ஆர்டர் செய்தால், கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதிப் பணம்தான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வங்கியில் வந்ததை விற்பனையாகவும், செயலி அனுப்பும் அறிக்கையிலுள்ள கமிஷனைச் செலவாகவும் எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை கழித்துவிடுவோம். நம் பேக்கரியில் கமிஷன் சென்ற ஆண்டு 25,000, இவ்வாண்டு 58,500. இரண்டு ஆண்டும் இப்படித் தவறாக எழுதியிருந்தால், லாபம் 1,08,000-க்குப் பதிலாக 1,41,500 குறைந்ததாகத் தெரியும், முதலாளியும் செயலியின் மேல் கோபப்பட்டுக்கொண்டிருப்பார். ஆகவே விற்பனையை முழு விலையில் எழுதி, கமிஷனைச் செலவில் மட்டும் காட்டுகிறோம்.

இரண்டாவது, ஜிஎஸ்டி. வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி கடையின் வரவு அல்ல. சாதாரண ரொட்டிக்கு வரி இல்லை, கேக்குக்கு உண்டு என்பதால், வரியோடு சேர்த்து விற்பனையை எடுத்தால் கேக் விற்பனை கூடும் மாதங்களில் வரவு வீங்கித் தெரியும்.

மூன்றாவது, மூலப்பொருள். வாங்கிய மைதாவும் பயன்படுத்திய மைதாவும் ஒன்றல்ல. மாதத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு வாங்கியதைக் கூட்டி, கடைசியில் மீந்த சரக்கைக் கழித்தால் கிடைப்பதே அந்த மாதச் செலவு. விலை ஏறும் என்று பயந்து ஆகஸ்ட் கடைசியில் ஐம்பது மூட்டை வாங்கி அடுக்கியிருந்தால், அதைச் செலவாக எழுதுவது செப்டம்பரின் செலவை ஆகஸ்டில் எழுதுவதாகும்.

நான்காவது, திரும்பி வரும் சரக்கு. இந்தப் பேக்கரியின் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பதால், அதன் இடம் வரும்போது விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு விதியை மட்டும் எழுதிக்கொள்வோம்: உண்மையில் விற்றுப் பணம் வந்த பன்னுக்கு மட்டுமே வரவு, திரும்பி வந்த பன்னைச் செய்ய ஆன மாவும் சர்க்கரையும் செலவு. திரும்பி வந்ததற்கு விற்பனையிலும் விலையைக் கழித்து, ‘சேதாரம்’ என்று செலவிலும் அதே விலையை எழுதும் கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அது கமிஷன் தவறின் மறுபதிப்பு.

மூன்று வழிகளாகப் பிரித்தல்

அடுத்த மட்டத்தில் வரவைப் பொருள்வாரியாகப் பிரிக்கலாம், நேரவாரியாகப் பிரிக்கலாம், வாடிக்கையாளர்வாரியாகவும் பிரிக்கலாம். ஒரு மட்டத்தில் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம். ‘கேக் விற்பனை, காலை விற்பனை, செயலி விற்பனை’ என்று பிரித்தால், காலையில் செயலி வழியாகப் போன கேக் மூன்று கிளைகளிலும் வரும், மாலையில் கடையில் விற்ற பப்ஸ் எதிலும் வராது. மேற்படிவும் விடுபடலும் ஒரே வரியில் நிகழ்ந்துவிடும்.

எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என் வழி இதுதான்: விலையும் நேரடிச் செலவும் எதில் அதிகம் வேறுபடுகின்றனவோ, அதைக் கொண்டு பிரிக்க வேண்டும். நம் பேக்கரி மூன்று வழிகளில் விற்கிறது. கடையில் நேரடியாக விற்பது ஒன்று. வண்டியில் ஏற்றிச் சென்று டீக்கடைகளுக்கு பன், வர்க்கி போடும் லைன் விற்பனை இன்னொன்று. செயலி வழி ஆர்டர் மூன்றாவது. விலை நிர்ணயமும் கூடுதல் செலவும் மூன்றிலும் வெவ்வேறு. எந்த விற்பனையும் இம்மூன்றில் ஒன்றில் மட்டுமே சேரும்.

செலவையும் இங்கே இரண்டாகப் பிரிக்கிறோம். விற்பனையோடு கூடிக் குறையும் மூலப்பொருள், கமிஷன், லைன் வண்டியின் டீசல் ஆகியவை அந்தந்த வழியின் கீழே போகின்றன. சம்பளம், வாடகை, மின்சாரம், அடுப்பு எரிபொருள் போன்றவை பொதுச் செலவு என்ற தனிக் கிளையாக நிற்கின்றன. அடுப்பு எரிபொருளும் உற்பத்தியோடு ஓரளவு கூடத்தான் செய்யும். ஆனால் ஒரே அடுப்பில் எல்லாம் வேகும்போது எந்தப் பன்னுக்கு எவ்வளவு என்று பிரிப்பது ஊகமாகவே முடியும். ஊகத்தைக் கணக்குக்குள் கொண்டுவருவதைவிட, அதைப் பொதுச் செலவில் வைத்துவிட்டு, பின்னால் அதைப் பற்றித் தனியாகக் கேள்வி கேட்பது நேர்மையானது.

ஒவ்வொரு வழியின் வரவிலிருந்தும் அதன் நேரடிச் செலவைக் கழித்தால் கிடைப்பதை மிச்சம் என்போம். வரவு, செலவு என்ற முதல் இரண்டு கிளைகள் இப்போது மிச்சம், பொதுச் செலவு என்று மாறி, மரம் இப்படி நிற்கிறது. ஒவ்வொரு வரியின் கடைசி எண், மாத லாபத்தில் ஏற்பட்ட மாற்றம்.

```
லாப மாற்றம்  −1,08,000
├─ நேரடிச் செலவு போக மிச்சம்  −53,500
│   ├─ கடை     5,40,000 → 5,17,000   −23,000
│   ├─ லைன்    1,26,000 →   52,000   −74,000
│   └─ செயலி     33,000 →   76,500   +43,500
└─ பொதுச் செலவு  3,79,000 → 4,33,500   −54,500
```

ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் அது எப்படிப் பிடிபடும் என்பதைக் கடைசி வரியில் பார்க்கலாம். சென்ற ஆண்டின் மொத்த மிச்சம் 6,99,000. அதிலிருந்து லாபம் 3,20,000-ஐக் கழித்தால் பொதுச் செலவு 3,79,000 ஆகத்தான் இருக்க முடியும். அங்கே 1,79,000 என்று தவறாக எழுதியிருந்தால் கூட்டல் பொருந்தாது, தவறு உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு மட்டத்திலும் கிளைகளின் மாற்றங்களைக் கூட்டி, அவற்றின் தாய்க் கிளையோடு ஒப்பிட வேண்டும். −23,000, −74,000, +43,500 ஆகியவற்றின் கூட்டல் −53,500. அதோடு −54,500 சேர்ந்தால் −1,08,000. குறைவுகளின் கூட்டல் தாய்க் கிளையை மிஞ்சினால் ஏதோ ஒன்று இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது, எட்டவில்லையென்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது. ஒரு மேற்படிவும் ஒரு விடுபடலும் ஒன்றையொன்று சரிக்கட்டி மொத்தத்தைப் பொருந்தச் செய்துவிடலாம் என்பதால், வேரில் மட்டும் பார்த்து நிறுத்தாமல் மட்டத்துக்கு மட்டம் பார்க்க வேண்டும். ‘இதர’ என்ற கிளை வைப்பதில் தவறில்லை. ஆனால் அதன் மாற்றம் வேரின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அதற்குள் பெயர் வைக்கப்படாத ஒரு கிளை இருக்கிறது என்று பொருள்.

இதற்குள்ளேயே ஒரு செய்தி கிடைத்துவிட்டது. மேலாளர் குற்றம் சாட்டிய செயலி, கமிஷன் போகவும் 43,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. கமிஷன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது உண்மை. ஆர்டர் 400-இலிருந்து 900 ஆனதால் ஏறியது. கமிஷன் செலவைத் தனியாக ஒரு கிளையில் வைத்திருந்தால் அது 33,500 ரூபாய்க் குற்றவாளியாகத் தெரிந்திருக்கும்.

லைன் விற்பனைக்குள்

இனி எல்லாக் கிளைகளையும் ஒரே ஆழத்துக்குத் தோண்ட வேண்டியதில்லை. பெரிய எண் எங்கே இருக்கிறதோ அங்கே போகலாம். லைன் விற்பனையில் சென்ற ஆண்டு மாதம் 60,000 உருப்படிகள் விற்றன, இவ்வாண்டு 80,000. விலை இரண்டு ஆண்டும் 6 ரூபாய்தான். விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூடியும் மிச்சம் 1,26,000-இலிருந்து 52,000-க்கு இறங்கியிருக்கிறது.

மிச்சம் என்பது எண்ணிக்கையையும் ஓர் உருப்படிக்கான மிச்சத்தையும் பெருக்கியது. ஓர் உருப்படிக்கு சென்ற ஆண்டு மாவு முதலான மூலப்பொருள் 3.50, வண்டி டீசல் 0.40 போக 2.10 ரூபாய் மிஞ்சியது. இவ்வாண்டு மூலப்பொருள் 4.90, டீசல் 0.45 போக 0.65 மட்டுமே மிஞ்சுகிறது.

இரண்டும் ஒரே சமயத்தில் மாறும்போது, மாற்றத்தை இரண்டுக்கும் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி எழும். கூடுதலாக விற்ற 20,000 உருப்படிகளைப் பழைய மிச்சமான 2.10-ஆல் பெருக்கினால் +42,000. மிச்சம் குறைந்த அளவான 1.45-ஐப் புதிய எண்ணிக்கையான 80,000-ஆல் பெருக்கினால் −1,16,000. கூட்டினால் −74,000. இரண்டையும் பழைய அளவால் பெருக்கினால் ஒரு துண்டு விடுபடும், இரண்டையும் புதிய அளவால் பெருக்கினால் அதே துண்டு இரண்டு முறை எண்ணப்படும். எண்ணிக்கைக்குப் பழைய மிச்சம், மிச்சத்துக்குப் புதிய எண்ணிக்கை என்ற ஒரே வழக்கத்தை மரம் முழுவதும் கடைப்பிடித்தால் போதும்.

−1,16,000-இல் டீசலின் பங்கு 4,000 மட்டுமே. மீதி 1,12,000 மூலப்பொருள். இங்கேதான் முதலாளி ‘நான் அப்போதே சொன்னேன், மைதா விலை’ என்று எழுந்துவிடுவார், பலர் இங்கேயே மரத்தை நிறுத்தியும் விடுவார்கள். ஆனால் ‘விற்ற ஓர் உருப்படிக்கான மூலப்பொருள் செலவு’ என்பது இன்னும் ஓர் எண்ணல்ல, இரண்டு எண்களின் பெருக்கல். செய்த ஓர் உருப்படிக்கு ஆன செலவு ஒன்று, ஓர் உருப்படியை விற்க எத்தனை உருப்படி செய்ய வேண்டியிருந்தது என்பது மற்றொன்று.

உற்பத்திப் பதிவேட்டைத் திறந்தால் சென்ற ஆண்டு மாதம் 62,500 உருப்படிகள் செய்து 2,500 திரும்பி வந்திருக்கின்றன, அதாவது நூற்றுக்கு 4. செய்த ஒன்றுக்கு ஆன செலவு 3.36 ரூபாய். இவ்வாண்டு 98,000 செய்து 18,000 திரும்பியிருக்கின்றன, நூற்றுக்கு 18-க்கும் மேல். செய்த ஒன்றுக்கு ஆன செலவு 4 ரூபாய். திரும்பியது பழைய 4 விழுக்காட்டிலேயே இருந்திருந்தால், 80,000 விற்க ஏறத்தாழ 83,300 செய்திருந்தால் போதும். மீதமுள்ள சுமார் 14,700 உருப்படிகள் ஒவ்வொன்றுக்கும் 4 ரூபாய் வீதம் சுமார் 58,700 ரூபாய் வீணாகியிருக்கிறது. மூலப்பொருள் விலையேற்றத்தின் பங்கு மீதமுள்ள சுமார் 53,300.

மொத்த லாபக் குறைவான 1,08,000-இல் பாதிக்கு மேற்பட்ட தொகை, யாருமே காரணமாகச் சொல்லாத ரிட்டர்னில் இருக்கிறது. அது ஏன் கண்ணில் படவில்லை என்பதும் தெளிவு. கணக்கு மென்பொருளான டேலியில் ‘மூலப்பொருள் கொள்முதல்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் விலையேற்றமும் வீணானதும் கலந்து கிடந்தன. திரும்பி வந்த பன்னுக்கு அங்கே தனிப் பதிவே இல்லை. வண்டி ஓட்டுநரின் நோட்டில் மட்டும் இருந்தது.

கடைக் கிளையும் சராசரியின் ஏமாற்றும்

கடை விற்பனையில் பில்களின் எண்ணிக்கை 9,000-இலிருந்து 8,100 ஆகக் குறைந்து, ஒரு பில்லின் சராசரி 100 ரூபாயிலிருந்து 110 ஆகக் கூடியிருக்கிறது. ஒரு பில்லுக்கான மிச்சம் 60 ரூபாயிலிருந்து சுமார் 63.80 ஆகியிருக்கிறது. முன் சொன்ன முறையில் பிரித்தால், பில்கள் குறைந்ததால் −54,000, பில்லுக்கான மிச்சம் கூடியதால் +31,000 என்று வரும். கூட்டல் சரியாக −23,000. மேற்படிவும் இல்லை, விடுபடலும் இல்லை. ஆனாலும் இந்தப் பிரிப்பு தவறான கதையைச் சொல்கிறது.

பில்லிங் இயந்திரத்திலிருந்து 50 ரூபாய்க்கு உட்பட்ட பில்களைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். சிறு பில்கள் 4,000-இலிருந்து 3,100 ஆகக் குறைந்தன, அவற்றின் சராசரி இரண்டு ஆண்டும் 30 ரூபாய். பெரிய பில்கள் இரண்டு ஆண்டும் அதே 5,000, சராசரி மட்டும் 156-இலிருந்து 159.60 ஆனது. அதாவது போன 900 பில்களும் சிறு பில்கள். சிறியவை போனதால்தான் மீதமுள்ளவற்றின் சராசரி உயர்ந்தது. யாரும் திடீரென்று அதிகமாக வாங்கத் தொடங்கிவிடவில்லை. 30 ரூபாய் பில்லில் 18 ரூபாய் மிஞ்சும் என்று கொண்டால், போன பில்களால் ஏற்பட்ட உண்மையான இழப்பு 16,200 ரூபாய்தான், 54,000 அல்ல. மீதி 6,800 ரூபாய், பொருட்களின் விலை ஏறிய அளவுக்கு விற்பனை விலையை ஏற்றாததால் ஏற்பட்ட இழப்பு.

கூட்டல் பொருந்துவது அவசியம், ஆனால் போதுமானதல்ல என்பதை இந்தக் கிளை காட்டுகிறது. எண்ணிக்கை இறங்கி சராசரி ஏறினாலோ, எண்ணிக்கை ஏறி சராசரி இறங்கினாலோ, இரண்டு வேறுவகைக் கூட்டங்களை ஒரே சராசரிக்குள் கலந்துவிட்டோம் என்று சந்தேகப்பட்டு இன்னொரு மட்டம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொதுச் செலவும், கிளை தாண்டும் காரணங்களும்

பொதுச் செலவு கூடிய 54,500-இல் சம்பளம் 30,000, அடுப்பு எரிபொருள் 8,000, வாடகை 6,000, மின்சாரம் 5,000, இதர 5,500. வாடகையும் மின்சாரமும் கட்டண உயர்வு, அவற்றைப் பற்றிப் பேச அதிகமில்லை. சம்பளக் கிளையில் ஒரு கேள்வி போதும்: ஊதியம் உயர்ந்ததா, ஆட்கள் கூடினார்களா? இங்கே ஆட்கள் கூடியிருக்கிறார்கள். இரவில் பன் போட ஒரு மாஸ்டரும், லைன் வண்டிக்கு ஓர் உதவியாளரும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இந்த 30,000-ஐ லைன் கிளைக்கு நகர்த்திவிடலாமா? மரத்தில் நகர்த்தக் கூடாது என்பதே என் கருத்து. மரம் ரூபாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம். ஒரு காரணம் பல கிளைகளைத் தொடலாம், தொடவும் செய்யும். காரணங்களை வைத்தே மேல் கிளைகளைப் பிரிக்க முற்பட்டால், ‘போட்டி’, ‘நிர்வாகக் குறை’, ‘விலைவாசி’ என்று ஒன்றன்மேல் ஒன்று படியும் கிளைகளே கிடைக்கும், அவற்றுக்குக் கூட்டல் சோதனையும் செய்ய முடியாது. ஆகவே மேலே கணக்கு, நுனியில் மட்டும் காரணம் என்று வைத்துக்கொண்டு, ஒரே காரணம் பல நுனிகளில் தென்பட்டால் அந்த நுனிகளை ஒரே நிறத்தில் வட்டமிடுங்கள்.

நம் மரத்தில் ‘லைனை விரிவாக்கியது’ என்ற ஒரே காரணம் எத்தனை நுனிகளில் தென்படுகிறது என்று பாருங்கள். புதிய டீக்கடைகளைப் பிடிக்க, விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வாக்களித்ததால் ரிட்டர்ன் ஏறியது. ஆட்களைச் சேர்த்ததால் சம்பளம் ஏறியது. 98,000 உருப்படிகளை வேகவைக்க வேண்டியிருந்ததால் எரிபொருளும் கூடியிருக்கும். கடையில் போன 900 சிறு பில்களும் இதே நிறத்தில் வரலாம். அவை டீயும் பன்னும் வாங்கியவர்களின் பில்கள், அதே பன் இப்போது தெருமுனை டீக்கடையிலேயே கிடைக்கிறது.

கடைசியாகச் சொன்னது மட்டும் இன்னும் ஊகம். செயலி ஆர்டர் 500 கூடியதும் கடை பில் 900 குறைந்ததும் தொடர்புடையவையாக இருக்கலாம் என்று இன்னொருவர் வாதிடலாம். இரண்டையும் சோதிக்க வழி இருக்கிறது. செயலி ஆர்டர்களின் சராசரி 260 ரூபாய், அவற்றில் பெரும்பாலானவை இரவு நேரத்துக் கேக் என்றால், மாலை நேரத்து 30 ரூபாய் பில்கள் அங்கே போயிருக்க வாய்ப்பில்லை. சிறு பில்கள் குறையத் தொடங்கிய வாரமும், அருகிலுள்ள டீக்கடைகளுக்கு லைன் போடத் தொடங்கிய வாரமும் ஒன்றாக இருந்தால் முதல் ஊகம் வலுப்பெறும். முன்பே குறையத் தொடங்கியிருந்தால் அதைக் கைவிட வேண்டும்.

மரத்திலிருந்து செயலுக்கு

இந்த நிலையில் லைன் விற்பனையை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். லைனின் மிச்சம் 52,000. அதற்காகச் சேர்த்த இருவரின் சம்பளம் 30,000-ஐக் கழித்தால் 22,000. எரிபொருள் கூடிய 8,000 முழுவதையும் அதன் தலையில் வைத்தாலும் 14,000 மிஞ்சுகிறது. மெலிந்த எண்தான். ஆனாலும் நிறுத்தினால் அந்த 14,000-உம் போய்விடும், வாடகை ஒரு ரூபாயும் குறையாது. வாடகையையும் மேலாளர் சம்பளத்தையும் விற்பனை விகிதத்தில் லைனுக்குப் பங்கிட்டு, ‘லைன் நஷ்டத்தில் ஓடுகிறது’ என்று முடிவு கட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பங்கிட்ட செலவு கிளையோடு சேர்ந்து மறைவதில்லை, மற்றக் கிளைகளின் மேல் ஏறிக்கொள்ளும்.

கை வைக்க வேண்டியது ரிட்டர்னில். ஓட்டுநரின் நோட்டை டீக்கடைவாரியாக ஒரு மாதத்துக்கு எழுதி, போட்டது எத்தனை, திரும்பியது எத்தனை என்று வரிசைப்படுத்துங்கள். பழைய கடைகளில் ரிட்டர்ன் 4 விழுக்காட்டை ஒட்டியே இருந்து புதிய கடைகளில் மட்டும் எகிறியிருந்தால், புதிய கடைகளுக்குப் போடும் அளவைக் குறைப்பது வழி. எல்லாக் கடைகளிலும் சமமாக ஏறியிருந்தால் அளவைக் குறைத்துப் பயனில்லை, பன் ஏன் விற்கவில்லை என்று தரத்தையும் வண்டி போய்ச் சேரும் நேரத்தையும் பார்க்க வேண்டும். அதன் பிறகு, போட்டதில் நூற்றுக்கு 5-க்கு மேல் திரும்பினால் பணம் திருப்பித் தரப்படாது என்ற ஒப்பந்தத்தைப் புதிய கடைகளோடு பேசலாம்.

செய்வதற்கு முன்பே எதிர்பார்ப்பை எழுதி வையுங்கள். விற்பனை 80,000-இலேயே நின்று ரிட்டர்ன் பழையபடி 4 விழுக்காட்டுக்கு இறங்கினால், லைன் மிச்சம் 52,000-இலிருந்து சுமார் 1,10,700 ஆக வேண்டும். ரிட்டர்ன் இறங்கியும் மிச்சம் அந்த அளவை எட்டவில்லையென்றால், போடுவதைக் குறைத்ததால் விற்பனையும் குறைந்ததா, அல்லது செய்த உருப்படிக்கான செலவு 4 ரூபாயைத் தாண்டியதா என்ற இரண்டு நுனிகளை மட்டும் பார்த்தால் போதும், ஏனெனில் விலையும் டீசலும் மாறாதவரை அந்தக் கிளையில் வேறு நுனி இல்லை.